‘சாப்பிட்டாச்சா?’ – முகமன் வினாவின் மொழியமைப்பும் சமூகப் பொருளும்
(தேவதானம் வட்டாரப் பேச்சுச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வீடுகளில் ‘வணக்கம்’ என்னும் சொல்லைவிட ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் வினாவே முகமனாகப் பெரிதும் வழங்குகிறது. இவ்வினாவைப் பொருளற்ற சடங்குச் சொல் எனவும், பசியும் பஞ்சமும் விட்டுச்சென்ற எச்சம் எனவும் விளக்கும் இருவகைக் கருத்துகள் உள்ளன. இக்கட்டுரை அவ்விரு விளக்கங்களையும் ஏற்காமல், வினாவின் இலக்கண வடிவம், அதற்குத் தரப்படும் விடைகள், அது கேட்கப்படாத இடங்கள் ஆகிய மூன்றையும் கொண்டு அதன் பொருளை ஆராய்கிறது. ‘இல்லை’ என்னும் விடை வந்தால் அதற்குத் தாம் பொறுப்பேற்கும் உறவில் இருப்பதைக் கேட்பவர் அறிவிப்பதே இவ்வினாவின் உள்ளடக்கம் என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: முகமன், பேச்சுவழக்கு, துணைவினை, விருந்தோம்பல், கை நனைத்தல், உரையாடல் ஆய்வு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது தேவதானம். நெல்லும் தென்னையும் மாவும் விளையும் ஊர். கோயிலின் வழிபாட்டுச் செலவுக்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘தேவதானம்’ என்றே குறிக்கும். அச்செலவில் முதலிடம் பெறுவது இறைவனுக்குப் படைக்கும் திருவமுது. இவ்வகையில் உணவுக்கான ஏற்பாடு ஒன்று ஊர்ப் பெயரிலேயே பதிந்திருக்கிறது என்பது கருதத்தக்கது. வயல் வேலையைச் சார்ந்த இவ்வூரின் வாழ்க்கையும், பஞ்சாலைகளின் முறைவேலையைச் சார்ந்த இராஜபாளையத்தின் வாழ்க்கையும் சில கல் தொலைவிலேயே அருகருகே நடைபெறுகின்றன. உணவு நேரம் ஒரே சீராக அமையாத இத்தகைய வட்டாரத்தில் உணவைப் பற்றிய வினா முகமனாக எப்படிச் செயற்படுகிறது என்பது ஆராய்வதற்கு உகந்த பொருளாகும்.

‘வணக்கம்’ என்பது மேடைக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல். காலையில் எழுந்து வரும் மாமனாரிடம் மருமகள் அதைச் சொல்வதில்லை. எதிர்வீட்டு அத்தையைத் தெருக்குழாயடியில் காணும்போதும் எவரும் சொல்வதில்லை. சொன்னால் கேலி என்றோ பிணக்கு என்றோ கொள்ளப்படும். வீட்டுக்கு வருவோரிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘வாங்க’ என்பது. அதைச் சொல்லத் தவறினால் ‘வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை’ என்று பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக் காட்டப்படும். ‘வாங்க’ என்பதை அடுத்து வருவதே ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் வினா. தெருவில் எதிர்ப்படுவோரிடம் ‘வாங்க’ என்பதற்கு வேலையில்லாததால் அங்கு இவ்வினாவே முதற்சொல்லாகிவிடுகிறது.

பொருளற்ற சொல்லா?

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டில், செய்தி எதையும் தெரிவிக்காமல் மனிதரிடையே பிணைப்பை உண்டாக்குவதற்கு மட்டுமே பயன்படும் பேச்சு என ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். நலம் வினவுதல், தட்பவெப்பம் பற்றிப் பேசுதல் முதலியன அவ்வகையில் அடங்கும். அங்குச் சொற்களின் பொருள் முதன்மையன்று, பேசுவதே முதன்மை என்பது அவர் கருத்து. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதையும் இவ்வகையில் சேர்ப்பது எளிது. கேட்டவர் விடைக்குக் காத்திராமல் நடந்துகொண்டேயிருப்பதும் உண்டு அல்லவா?

எனினும், பொருள் முதன்மையன்று என்றால் எந்த வினாவும் முகமனாக நிற்க இயல வேண்டும். தமிழ்ச் சூழலில் அப்படி நிற்பதில்லை. ‘எங்கே போறீங்க?’ என்று கேட்பதை இங்கு ஒப்பிடலாம். உலகின் பல மொழிகளில் அது முகமனாக வழங்குகிறது. தமிழ் வீடுகளிலோ புறப்படுகிறவரை அவ்வாறு கேட்பது தடை. போகிற காரியம் கெட்டுவிடும் என்பர். அறிந்தே ஆக வேண்டுமெனில் ‘தூரமா?’ என்று சுற்றிக் கேட்பர். இரண்டும் அன்றாடச் செயலைப் பற்றிய வினாக்கள். இரண்டிலும் ஆவலுக்கு இடமுண்டு. ஒன்று விலக்கப்பட்டு மற்றொன்று விரும்பி ஏற்கப்படுகிறது எனின், தேர்வு சொல்லின் பொருளை வைத்தே நடந்திருக்கிறது என்பது தெளிவு. போகுமிடத்தைக் கேட்பவர் தகவலைப் பெற்றுக்கொள்கிறார். தம்மிடமிருந்து எதையும் தர வேண்டியதில்லை. உணவைப் பற்றிக் கேட்பவரோ, விடை எதிர்மறையாக வந்தால் எதையேனும் தந்தாக வேண்டிய நிலையில் தம்மை நிறுத்திக்கொள்கிறார்.

வினாவின் வடிவம்

‘சாப்பிட்டீங்களா?’ என்பதும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதும் ஒன்றுபோல் தோன்றினாலும் அமைப்பில் வேறுபட்டவை. முன்னது முன்னிலை விகுதி பெற்ற இறந்தகால வினைமுற்று. பின்னது ‘சாப்பிட்டு’ என்னும் வினையெச்சத்தோடு ‘ஆயிற்று’ என்பதன் பேச்சு வடிவமான ‘ஆச்சு’ துணைவினையாகச் சேர்ந்தது. இத்துணைவினை வெறும் இறந்தகாலத்தை மட்டும் காட்டுவதன்று. நடந்தாக வேண்டியது, நடக்கும் என எதிர்பார்க்கப்பட்டது நடந்து முடிந்தது என்னும் பொருளையும் ஏற்றுகிறது. ‘மழை பெஞ்சாச்சு’ என்றால் எதிர்பார்த்திருந்த மழை பெய்து முடிந்துவிட்டது என்பது பொருள். ‘கண்ணாடி ஒடஞ்சாச்சு’ என்று எவரும் இயல்பாகச் சொல்வதில்லை. உடைவதை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஏற்கெனவே விரிசல் கண்டு, இன்றோ நாளையோ உடையும் எனப் பார்த்திருந்த கண்ணாடியானால் அவ்வாறு சொல்லக்கூடும்.

ஆகவே ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர், இந்நேரத்தில் நீங்கள் உண்டிருக்க வேண்டும் என்பது தமக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். மற்றவருடைய நாளின் ஒழுங்கு கேட்பவர் மனத்தில் இருக்கிறது என்பதை வினாவின் வடிவமே காட்டிவிடுகிறது. இதனாலேயே இவ்வினாவுக்கு நேரக்கட்டுப்பாடு உண்டு. விடியற்காலையில் ‘காப்பி குடிச்சாச்சா?’ என்றும், உச்சிப்பொழுதை ஒட்டி ‘சாப்பாடு ஆச்சா?’ என்றும் மாறும். பிற்பகல் நான்கு மணிக்கு இதைக் கேட்டால் வினா முகமனாக நில்லாது; ‘ஏன், எதுக்குக் கேக்குறீங்க?’ என்னும் எதிர்வினா எழும்.

இராஜபாளையத்தின் பஞ்சாலை வாழ்க்கை இதை நன்கு விளக்கும். இராஜபாளையம் மில்ஸ் 1936ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன்பின் நூற்பாலைகள் பெருகின. இரவுமுறை முடிந்து காலையில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு, ஊரார் காலைப் பலகாரம் உண்ணும் வேளை உறங்கப் போகும் வேளை. அவரிடம் நண்பகலில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர் அவருடைய முறைவேலையை அறியாதவர். மாலையில், அவர் எழுந்து குளித்துப் புறப்படும் நேரம் பார்த்துக் கேட்பவர் அறிந்தவர். சொற்கள் ஒன்றே. ஆனால் எந்நேரத்தில் கேட்பது பொருந்தும் என்பதை அறிந்திருத்தலே நெருக்கத்தின் அளவுகோலாகிறது. நோன்பிருப்போரிடமும் இதே நுட்பம் செயற்படுகிறது. ரமலான் மாதத்தில் இசுலாமியரான அண்டை வீட்டாரிடம் மாலையில் ‘நோன்பு திறந்தாச்சா?’ என்று கேட்பர். சொல் மாறினாலும் ‘ஆச்சா’ மாறுவதில்லை.

இவ்வடிவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ‘ஆச்சு’ என்பது அஃறிணை ஒருமை முற்று. உண்டவர் யாராயினும் அது மாறாது. எனவே ‘நீ’, ‘நீங்க’ என்னும் தேர்வைச் செய்யாமலேயே கேட்டுவிடலாம். வயதில் இளையவர், முறையில் மூத்தவர் எனக் குழப்பம் தரும் உறவுகள் தமிழ்க் குடும்பங்களில் ஏராளம். தன்னைவிட வயது குறைந்த சித்தியை எப்படி அழைப்பது? ‘சாப்பிட்டியா’ என்றால் முறைக்குக் குறை, ‘சாப்பிட்டீங்களா’ என்றால் வயதுக்கு மிகை. ‘சாப்பிட்டாச்சா சித்தி?’ என்பது இரண்டையும் தவிர்த்துவிடுகிறது. முகமனாக இவ்வடிவம் பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

சீன மொழியில் முகமனாக வழங்கும் உணவு வினா, செயல் நிறைவுற்றதைக் காட்டும் இடைச்சொல்லைக் கொண்டது. தாய்லாந்து மொழியின் வினாவோ ‘சோறு உண்டாயிற்றா, இன்னும் இல்லையா?’ என்னும் அமைப்பை உடையது. தமிழோடு உறவில்லாத அம்மொழிகளும் வெறும் நிகழ்வை விட்டு நிறைவையே கேட்கின்றன என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

விடைகளின் ஒழுங்கு

வினாவின் உண்மைப் பொருள் அதற்கு வரும் விடையில்தான் வெளிப்படும். தேவதானம் போன்ற ஓர் ஊரில், நண்பகல் வேளையில், திண்ணையில் அமர்ந்திருக்கும் மூத்த பெண்ணொருவருக்கும் அவ்வழியே வீடு திரும்பும் உறவுமுறை இளைஞர் ஒருவருக்கும் இடையே நிகழக்கூடிய உரையாடலைச் சான்றுக்காக அமைத்துக் காணலாம்.

“வாப்பா. சாப்பிட்டாச்சா?”
“இனிமேத்தான் அத்தை. வீட்டுக்குப் போய்த்தான்.”
“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. குழம்பு இப்பத்தான் எறக்குனேன்.”
“இருக்கட்டும் அத்தை. அங்க எடுத்து வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க.”
“காப்பியாவது குடிச்சிட்டுப் போயேன்.”
“சரி, குடுங்க.”

இதில் முதற்கண் நோக்கத்தக்கது ‘இனிமேத்தான்’ என்னும் விடை. உண்ணவில்லை என்பது உண்மை. ஆனால் ‘இல்லை’ என்னும் சொல் தவிர்க்கப்பட்டுள்ளது. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பசியின் அறிவிப்பாகிவிடும். கேட்டவர் இலை போட்டே ஆக வேண்டும். ‘இனிமேத்தான்’ என்பது உணவு உண்டு, அது வேறோர் இடத்தில் காத்திருக்கிறது, நேரந்தான் ஆகவில்லை எனத் தெரிவித்து, கேட்டவரைக் கடப்பாட்டிலிருந்து விடுவிக்கிறது. ‘இப்பத்தான் ஆச்சு’ என்பதும் அதே பணியைச் செய்யும். உண்ணாதவரும் பல வேளைகளில் ‘ஆச்சு’ என்றே சொல்லிவிடுவர். உரையாடல் ஆய்வின் முன்னோடியான ஹார்வி சாக்ஸ் 1975ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்னும் ஆங்கில வினாவுக்கு எல்லோரும் பொய் சொல்ல நேர்வது ஏன் என ஆராய்ந்தார். துன்பத்தைச் சொன்னால் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைக் கேட்க வேண்டிய உறவினராக இருக்க வேண்டும். ஆகவே ‘நலம்’ என்று முடித்துவிடுகின்றனர் என்பது அவர் காட்டிய விளக்கம். தமிழ் வினாவிலும் அத்தகைய பொய் உண்டு. ஆனால் காரணம் வேறு. இங்கு மறைக்கப்படுவது மனத்துயரம் அன்று. அடுத்தவர் அடுப்பின் மேல் தான் ஏற்றக்கூடிய சுமையே இங்கு மறைக்கப்படுகிறது.

அடுத்து, மறுப்புக்குப் பின்னும் அழைப்பு மாற்றுருவில் தொடர்வதைக் காணலாம். சோறு மறுக்கப்பட்டதும் காப்பி வருகிறது. சோற்றை மறுத்தவர் காப்பியையும் மறுத்துச் செல்வது அவ்வளவு எளிதன்று. ஏதேனும் ஒன்றை ஏற்றுக்கொண்டால்தான் முதல் வினா உண்மையாகக் கேட்கப்பட்டது என இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாகும். ‘ஒரு வாய்’ என்று அளவைச் சுருக்கிச் சொல்வதும் ஏற்பவரின் கூச்சத்தைக் குறைப்பதற்கே. பரிமாறும்போது அது ஒரு வாயளவில் நிற்பதில்லை என்பது இருவரும் அறிந்தது.

முகமனாகக் கேட்கப்பட்டதா, அழைப்பாகவே கேட்கப்பட்டதா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? பிறமொழியினர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். நடந்துகொண்டே கேட்டால் முகமன்; நின்று கேட்டால் அழைப்புக்கு இடமுண்டு. வீட்டு வாயிலில் கேட்பதும் பேருந்து நிறுத்தத்தில் கேட்பதும் ஒன்றல்ல. வினைவடிவமும் வழிகாட்டும்: ‘சாப்பிட்டாச்சா?’ என்பது இரண்டுக்கும் பொதுவானது, ‘சாப்பிடுறீங்களா?’ என்பது விருப்பத்தைக் கேட்பது, ‘சாப்பிடுங்க’ என்பது முழு அழைப்பு. இவற்றுள் நடுவில் உள்ளது தரம் குறைந்ததாகக் கருதப்படுவது சுவையானது. உண்ண விருப்பமா எனக் கேட்பது, இடும் மனம் இல்லாதவர் கேட்கும் கேள்வி என்பர். விருந்தினரிடம் விருப்பத்தைக் கேட்கலாகாது. வேளையைக் கேட்டு, அதைக் கொண்டு தாமே முடிவு செய்ய வேண்டும்.

பிரவுன், லெவின்சன் இருவரும் 1978ஆம் ஆண்டில் வெளியிட்டு 1987ஆம் ஆண்டில் விரிவாக்கிய பணிவு பற்றிய ஆய்வுக்குக் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ்ப் பேச்சும் அடிப்படையாக அமைந்தது. கேட்பவரின் தேவையைக் கவனித்தல், அவருக்குத் தருதல் ஆகிய இரண்டையும் நெருக்கம் காட்டும் பணிவின் உத்திகளாக அவர்கள் வகுத்தனர். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதை இவ்விரண்டும் ஒருசேர நிகழும் இடமாகக் கொள்ளலாம். அவர்கள் கோட்பாட்டின் மையச் சொல் ‘முகம்’ என்பதாகும். தமிழில் இன்சொல்லுக்கு வழங்கும் ‘முகமன்’ என்னும் பெயரும் முகத்தை அடியாகக் கொண்டே அமைந்திருக்கிறது.

பஞ்சத்தின் எச்சமா?

உணவு வினாவுக்குப் பஞ்சத்தைக் காரணமாகக் காட்டும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது உண்மை. அந்நினைவு பல தலைமுறைகளாகத் தொடர்ந்ததும் உண்மை. ஆனால் அதிலிருந்தே இம்முகமன் பிறந்தது என்பதற்கு மொழிச்சான்று வேண்டும். பஞ்சம் கண்ட நாடுகள் அனைத்திலும் இத்தகைய முகமன் தோன்றவும் இல்லை. 1840களில் பெரும்பஞ்சம் கண்ட அயர்லாந்தில் ஐரிய மொழியின் வழக்கமான முகமன் கடவுளின் பெயரைச் சொல்லுவதாகவே உள்ளது.

வாயிலில் நின்று உணவையொட்டிக் கேட்கும் வழக்கமோ மிகத் தொன்மையானது. குறுந்தொகையின் 118ஆம் பாடல் நன்னாகையார் பாடியது. நெய்தல் திணையைச் சார்ந்தது. மாலையில் பலரும் புகும் வாயிலை அடைப்பதற்கு முன், உள்ளே வருவோர் எவரேனும் உளரோ எனக் காவலர் வினவுவதை அது காட்டுகிறது. அவ்வாறு வினவியும் தன் காதலர் வரவில்லை என்பது தலைவியின் துயரம். வரவேண்டிய ஒருவர் வெளியே பசியோடு நின்றுவிடலாகாது என்பதால் கதவை அடைப்பதற்கு முன் ஒரு வினா கேட்கப்படுகிறது. அவ்வினாவே பிற்கால முகமனாக வளர்ந்தது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் இரண்டும் ஒரே கடப்பாட்டைத் தாங்குகின்றன. ‘விருந்து’ என்னும் சொல் தொல்காப்பியத்தில் புதுமையைக் குறிப்பதும், அது புதிதாய் வந்தவரையும் அவருக்கு இடும் உணவையும் ஒருங்கே குறிக்கலானதும் இங்கு நினைக்கத்தக்கன. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைச் சொல்லி முடிக்கும் இடத்தில், விருந்தினரை வாடச் செய்வதாகக் காட்டுவது உணவின் குறைவை அன்று, திரிந்த முகத்தையே.

கேட்கப்படாத இடங்கள்

ஒரு சொல்லின் பொருளை அறிய, அது விலக்கப்படும் இடங்களைக் காண்பது நல்ல வழி. இறப்பு நிகழ்ந்த வீட்டில் ‘வாங்க’ என்று எவரும் வரவேற்பதில்லை, ‘சாப்பிட்டாச்சா?’ என்று வீட்டார் வந்தவரைக் கேட்பதுமில்லை. அவ்வீட்டில் அடுப்பு எரிவதில்லை. உணவு உறவினர் வீட்டிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ வரும். அங்கு வினாவின் திசை மாறிவிடுகிறது: வந்தவரே வீட்டாரைப் பார்த்து ‘ஒரு வாய் சாப்பிடு’ என்று வற்புறுத்துகிறார். இடும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்தே சொல் புறப்படுகிறது. இம்முகமன் வெறும் சடங்காயின், துக்க வீட்டில் அது இவ்வளவு துல்லியமாகத் திசை திரும்ப வேண்டியதில்லை.

திருமணப் பேச்சிலும் ஒரு தடை உண்டு. பெண் பார்க்கச் செல்வோர் காப்பியும் பலகாரமும் கொள்வர். சம்பந்தம் உறுதியாகும் முன் சோற்றில் கைவைப்பதில்லை. இதனைக் ‘கை நனைத்தல்’ என்பர். கை நனைத்துவிட்டால் உறவு ஏற்கப்பட்டதாகும். பகை முற்றிய குடும்பத்தில் ‘அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்’ என்பதே இறுதிச் சொல். ஆகவே பெண் வீட்டார் ‘சாப்பிட்டீங்களா?’ என்று இயல்பாகக் கேட்டுவிட முடிவதில்லை. பேச்சு முடியும் வரை அவ்வினா தொண்டையிலேயே நிற்கும்.

இவற்றினும் கூர்மையானது சாதி இழுக்கும் கோடு. தமிழகக் கிராமங்களில் நில உடைமையாளர் தம் வயலில் உழைக்கும் ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளியிடம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பது அரிதன்று. அதைப் பரிவின் அடையாளமாகக் காட்டிப் பேசுவோரும் உண்டு. அங்குக் காண வேண்டியவை மூன்று. வினா ‘ஆச்சா’ எனப் பொதுவடிவில் வருகிறதா, ‘-இயா’ என்னும் ஒருமை விகுதியோடு வருகிறதா? கேட்கப்பட்டவர் அதே வினாவைத் திருப்பிக் கேட்க இயலுமா? ‘இல்லை’ என்று சொன்னால் உணவு எங்கே இடப்படுகிறது – வீட்டுக்குள்ளா, தொழுவத்தின் ஓரத்திலா, எந்தக் கலத்தில்? தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நிலவியதைத் தமிழகம் நன்கறியும். வினாவில் காணும் அன்பு கலத்தில் இல்லையெனில், அவ்வினா அறிவிப்பது உறவை அன்று, படிநிலையை. மேற்கூறிய கடப்பாடு அங்கும் உள்ளது. ஆனால் அது உண்பிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையே ஒருவழிப் பாதையாக நிற்கிறது. அதே தொழிலாளி உடைமையாளரைத் தம் வீட்டு வாயிலில் கண்டு ‘சாப்பிட்டாச்சா?’ எனக் கேட்டால், அது முகமனாகக் கொள்ளப்படுமா, மீறலாகக் கொள்ளப்படுமா என்பதே அவ்வூரின் நிலையை அறிவதற்கான சோதனை. இவ்வினாவைத் தமிழர் பண்பாட்டின் பொதுச் சிறப்பாகப் போற்றும் கட்டுரைகள் இச்சோதனையைச் செய்துபார்ப்பதில்லை.

வீட்டுக்குள்ளும் கேட்கப்படாதவர் ஒருவர் உண்டு, சமைப்பவர். கணவர், பிள்ளைகள், வந்தவர், பால்காரர் என அனைவரையும் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர் அவரே. இறுதியில் உண்பவரும் அவரே. அவரை அவ்வாறு கேட்பவர் அரிது. அடுக்களையில் இருப்பவர் பசியோடு இருக்க வாய்ப்பில்லை என்னும் எண்ணமும், அவருக்கு இடுவதற்கு வேறு எவரும் இல்லை என்னும் நிலையும் இதற்குக் காரணங்களாகலாம். இவற்றுள் பின்னதே வலிமையானது. ‘இல்லை’ என்று விடை வந்தால் எழுந்து பரிமாற வேண்டியவர், கேட்கும் உரிமையோடு அக்கடமையையும் பெறுகிறார். அக்கடமையை ஏற்க முன்வராதவர்களின் நாவில் வினா எழுவதில்லை. மருமகளிடம் மாமியார் ‘நீ சாப்பிட்டியா?’ என்று முதன்முதலாகக் கேட்கும் நாளைப் பெண்கள் நினைவில் வைத்துச் சொல்வதும் இதனால்தான்.

தொலைபேசியில்

இடவே இயலாத தொலைவில் இவ்வினா என்னாகும் என்பது எஞ்சியுள்ளது. திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ வேலை செய்யும் மகனை ஊரிலிருந்து அழைக்கும் தாய் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறார். ‘இல்லை’ என்றால் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அழைப்பு நீங்கிய வினா இங்கு வெறும் சடங்காகத் தேய வேண்டும். தேயவில்லை, நீண்டிருக்கிறது. ‘ஆச்சு’ என்னும் விடையோடு நேரில் முடிந்துவிடும் பேச்சு, தொலைபேசியில் ‘என்ன சாப்பிட்ட?’ என்று தொடர்கிறது. அதன்பின் ‘கடையிலயா, ரூம்லயா?’, ‘யார் சமைச்சா?’ என்று போகிறது. நேரில் கண்ணால் கண்டுகொள்ளக்கூடியவற்றை எல்லாம் சொல்லாகப் பெறும் முயற்சி அது. உணவை இட இயலாதவர், உணவைப் பற்றிய செய்தியையேனும் பெற்று, மகனுடைய நாளில் தமக்குரிய இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறார்.

இங்கு வினைவடிவமும் பெரும்பாலும் மாறுவது கருதத்தக்கது. ஊரார் எவரையும் கேட்கும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதைவிட, முன்னிலை விகுதி ஏற்ற ‘சாப்பிட்டியா?’ என்பதே தாயின் வாயில் மிகுதியாக வருகிறது. அவருக்குத் தேர்வைத் தவிர்க்க வேண்டிய தேவையில்லை. மகனும் அவ்வினாவுக்குப் பொய் சொல்வதுண்டு. இரவு பத்து மணிக்கு, உண்ணாமலேயே ‘ஆச்சும்மா’ என்பான். தேவதானத்துத் திண்ணையில் அந்தப் பொய் அத்தையின் குழம்பைக் காத்தது. தொலைபேசியில் அது தாயின் உறக்கத்தைக் காக்கிறது. அவன் ‘ஆச்சு’ என்ற பிறகுதான் அவர் தம் தட்டை எடுத்து வைக்கிறார்.